முப்பது நொடி உலகம் – 7
மூடுபனி தந்த பல்லவி

இதுவரை நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1926 கிறிஸ்துமஸுக்கு முந்தைய இரவு, அமெரிக்காவின் மின்னியாபொலிஸ் நகர வானொலியில் நான்கு ஆண்குரல்கள் ‘வீட்டீஸ்’ என்ற தானிய உணவைப் பற்றிப் பாடின. ஜிங்கிள் என்ற ஜாதி அன்று பிறந்தது. 1941 ஜூலை 1-ஆம் தேதி, நியூயார்க் தொலைக்காட்சியில் ஒரு பேஸ்பால் ஆட்டத்துக்கு முன்னால் ‘புலோவா’ கடிகாரம் சில நொடிகள் வந்துபோனது. கட்டணம் 9 டாலர். அதில் பாட்டு இல்லை. ஒரு கடிகார முகமும் ஒரு குரலும்தான்.

பாட்டு ஒரு வீட்டில் பிறந்தது, படம் வேறு வீட்டில் பிறந்தது. இரண்டுக்கும் கல்யாணம் ஆன பிறகும் ஒரு வழக்கு தீராமலே இருந்தது. விளம்பரம் மனத்தில் நிற்பது பாட்டாலா, படத்தாலா?

அந்த வழக்குக்கு 1971-இல் ஒரு வினோதமான சாட்சி கிடைத்தது. வானொலியில் படுதோல்வி அடைந்த அதே பாட்டு, ஐந்து மாதம் கழித்து, குரல் மாறாமல் மெட்டு மாறாமல் தொலைக்காட்சியில் வந்து ஒரு நாட்டையே முணுமுணுக்க வைத்தது.

இந்த வாரம் அந்தக் கதை.

*

1971 ஜனவரி 18. நியூயார்க்கிலிருந்து லண்டனுக்குப் பறந்துகொண்டிருந்த விமானத்தில் பில் பேக்கர் இருந்தார். மெக்கேன் எரிக்ஸன் என்ற விளம்பர நிறுவனத்தில், கோக கோலா கணக்கின் படைப்புப் பொறுப்பு அவருடையது. லண்டனில் இரண்டு பாட்டுக்காரர்களோடு உட்கார்ந்து வானொலி விளம்பரங்கள் எழுதப் போய்க்கொண்டிருந்தார்.

லண்டனில் கடும் மூடுபனி. விமானத்தை அயர்லாந்தின் ஷானன் விமான நிலையத்தில் இறக்கிவிட்டார்கள். ஊரில் எல்லோருக்கும் அறை இல்லை. முன்பின் தெரியாதவர்கள் ஒரே அறையைப் பகிர்ந்துகொள்ள வேண்டும். இஷ்டமில்லாதவர்கள் விமான நிலைய நாற்காலியிலேயே ராத்திரியைக் கழிக்க வேண்டும். பயணிகள் கொதித்துப்போனார்கள்.

மறுநாள் காலையிலும் பனி விலகவில்லை. விமான நிலையத்துக் காபிக் கடையில் எல்லோரும் காத்திருந்தார்கள். பேக்கர் சுற்றிலும் பார்த்தார். முந்தைய இரவு அதிகமாகக் கத்தியவர்களில் சிலர், இப்போது ஒரே மேசையில் உட்கார்ந்து நடந்ததைச் சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். மேசைமேல் கோக் பாட்டில்கள்.

அது குளிர்பானம், தாகத்துக்குக் குடிப்பது என்றே அதுவரை அவர் நினைத்திருந்தார். அந்த மேசையில் அது வேறு வேலை செய்துகொண்டிருந்தது. நம் ஊரில் ‘ஒரு டீ சாப்பிடலாமா?’ என்று கேட்பவருக்கு டீயா முக்கியம்? கொஞ்ச நேரம் கூட இருந்து பேசத்தான் கூப்பிடுகிறார். பேக்கர் கண்டதும் அதுதான்.

கையில் கிடைத்த காகிதக் கைத்துண்டில் ஒரு வரி எழுதினார். உலகத்துக்கே ஒரு கோக் வாங்கிக் கொடுத்து, அதனோடு சற்று நேரம் துணையிருக்க வேண்டும் என்பது அந்த வரியின் சாரம்.

*

ஒருவழியாக லண்டன் போய்ச் சேர்ந்ததும் அந்தக் காகிதத்தை நீட்டினார். எதிரே மூன்று பேர். கோக் கணக்கின் இசைப் பொறுப்பாளர் பில்லி டேவிஸ். பாட்டுக்காரர்கள் ரோஜர் குக், ரோஜர் கிரீனவே.

டேவிஸுக்கு அது ரசிக்கவில்லை. உலகத்துக்கு ஏதாவது செய்ய முடியுமென்றால் கோக்கா வாங்கிக் கொடுப்பேன்? முதலில் ஆளுக்கொரு வீடு கொடுப்பேன் என்றார்.

வேறொருவராக இருந்தால் சண்டைக்குப் போயிருப்பார். பேக்கர், சரி, அதையே எழுதுங்கள், கோக் அதில் எங்கே உட்காரும் என்று நான் காட்டுகிறேன் என்றார்.

பாட்டின் தலையெழுத்து அங்கே மாறியது. முதலில் வீடு, அன்பு, மரம், தேனீ, புறா. பிறகு உலகமே சேர்ந்து பாட வேண்டும் என்ற ஆசை. இவ்வளவும் ஆனபிறகுதான் கோக். நல்ல விருந்தாளி வீட்டுக்குள் வந்து, நலம் விசாரித்து, திண்ணையில் உட்கார்ந்த பிறகே வந்த காரியத்தைச் சொல்வார் அல்லவா? அந்த மரியாதை பாட்டுக்குள் வந்துவிட்டது.

மெட்டு புதியதும் இல்லை. குக், கிரீனவே இருவரிடமும் வேறொரு பாட்டுக்காகப் போட்ட மெட்டு ஒன்று இருந்தது. அதையே எடுத்து இந்த வார்த்தைகளை உட்கார வைத்தார்கள். ‘நியூ சீக்கர்ஸ்’ என்ற பாடகர் குழு பாடியது.

*

இந்த இடத்தில் ஒரு கணக்கைப் பார்த்துவிட வேண்டும். ஜிங்கிள் போடுபவர் முதலில் கையில் எடுப்பது ஆர்மோனியம் அல்ல, கடிகாரம்.

நிமிடத்துக்கு 96 தட்டு என்ற நிதானமான நடையை எடுத்துக்கொள்வோம். ஆதி தாளத்தின் எட்டு எண்ணிக்கைக்கு 5 நொடி ஆகும். 60 நொடி விளம்பரம் என்றால் பன்னிரண்டே ஆவர்த்தனம். 30 நொடி என்றால் ஆறு.

அந்த ஆறும் முழுதாகக் கிடைக்காது. கடைசியில் பொருளின் படமும் பெயரும் வந்து நிற்க மூன்று நொடியாவது வேண்டும். தொடக்க இசைக்கு இரண்டு நொடி. மிச்சம் 25 நொடி, அதாவது ஐந்து ஆவர்த்தனம். ஒரு ஆவர்த்தனத்துக்கு ஒரு வரி வைத்தால் ஐந்து வரி. இந்த ஐந்து வரிக்குள் பல்லவி வர வேண்டும், பொருளின் பெயர் வர வேண்டும், முடிந்தால் பல்லவி இன்னொரு முறை திரும்பி வர வேண்டும். சரணத்துக்கு இடமே கிடையாது.

நடையை 120-க்கு ஏற்றினால் கூடுதலாக ஒரு வரி கிடைக்கும். ஆனால் வார்த்தைகள் ஓட ஆரம்பிக்கும். கேட்பவர் கூடப் பாட முடியாது. தயாரிப்பாளர் கூட்டங்களில் எப்போதும் நடக்கும் சண்டை இதுதான். பொருளின் மூன்று குணங்களையும் சொல்லியாக வேண்டும் என்பார் விற்பனை மேலாளர். ஒன்றைச் சொன்னாலே பெரிது என்பார் இசைக்காரர். மேலாளர் ஜெயித்த ஜிங்கிள்களைக் கண்டுபிடிப்பது சுலபம். பாடகர் மூச்சுவிட இடமில்லாமல் தவிப்பது காதில் விழும்.

பேக்கரின் பாட்டு 60 நொடி. பொருளின் ருசி, விலை, அளவு எதைப் பற்றியும் அதன் ஆசை வரிகளில் பேச்சே இல்லை. மிச்சமான இடத்தையெல்லாம் திரும்பத் திரும்ப வரும் ஒரே மெட்டுக்குக் கொடுத்தார்கள். குழந்தைகூட இரண்டாம் முறையில் சேர்ந்து பாடிவிடும்.

*

1971 பிப்ரவரி 12. பாட்டு அமெரிக்க வானொலி நிலையங்களுக்கு அனுப்பப்பட்டது.

விழுந்தது.

காரணம் நேயர்கள் அல்ல. கோக கோலா நிறுவனம் சாறு தயாரிக்கும். அதை வாங்கிப் பாட்டிலில் நிரப்பி ஊர் ஊராக விற்பவர்கள் தனி முதலாளிகள். உள்ளூர் வானொலியில் விளம்பர நேரத்துக்குக் காசு கொடுக்க வேண்டியவர்களும் அவர்களே. அவர்களுக்கு இந்தப் பாட்டு பிடிக்கவில்லை. பெரும்பாலோர் இதை ஒலிபரப்ப நேரம் வாங்க மறுத்துவிட்டார்கள்.

இது வெறும் பணத் தகராறு போலத் தெரியும். பாட்டு ஏன் விழுந்தது என்ற ரகசியம் இதில்தான் இருக்கிறது. அதற்குக் கடைசியில் வருகிறேன்.

ஏஜென்சி பாட்டைக் கைவிடவில்லை. இதற்குப் படம் எடுத்துப் பார்க்கலாம் என்று நிறுவனத்திடம் போய் நின்றார் பேக்கர். கலை இயக்குநர் ஹார்வி கேபர் ஒரு யோசனை கொண்டுவந்தார். பல நாட்டு இளைஞர்கள், அவரவர் உடையில், ஒரு மலைமேல் நின்று ஒரே பாட்டைப் பாடினால்?

பணம் ஒதுக்கப்பட்டது.

*

முதலில் தேர்ந்தெடுத்த இடம் இங்கிலாந்தின் டோவர் வெள்ளைப் பாறைகள். போன இடத்தில் மழை. நாள்கணக்காகக் காத்திருந்தும் விடவில்லை.

மூட்டை கட்டிக்கொண்டு இத்தாலிக்குப் போனார்கள். ரோம் நகரத்தில் தூதரகங்களும் வெளிநாட்டு மாணவர்களும் ஏராளம். பல நாட்டு முகங்கள் ஒரே ஊரில் கிடைக்கும். அங்கேயும் மழை துரத்தியது. எடுத்தது சரிவராமல் மறுபடி எடுக்க வேண்டியதாயிற்று. கடைசியில் செலவு 2,50,000 டாலரைத் தொட்டது. ஒரு நிமிட விளம்பரத்துக்கு அந்தக் காலத்தில் அது தலைசுற்ற வைக்கும் தொகை.

படமான இடம் ரோமுக்கு வெளியே, மன்ஸியானா என்ற ஊருக்குப் பக்கத்துப் புல்மேடு.

இப்போது அந்த மேட்டில் கொஞ்சம் நிற்போம்.

நம் சினிமாப் பாட்டு எடுக்கிற முறைதான் அங்கேயும். மலையில் நிற்கிறவர்கள் யாரும் பாடகர்கள் இல்லை. நியூ சீக்கர்ஸ் பாடிய ஒலிப்பதிவை ஒலிபெருக்கியில் விடுவார்கள்; நிற்பவர்கள் வாயசைக்க வேண்டும். நொடிக்கு 24 ஃபிரேம் என்ற கணக்கில் ஒரு நிமிடத்துக்கு 1,440 ஃபிரேம். உதடு இரண்டு மூன்று ஃபிரேம் பிசகினாலே பார்ப்பவருக்கு உறுத்த ஆரம்பிக்கும்.

திறந்தவெளியில் இதில் ஒரு சங்கடம் உண்டு. ஒலி நொடிக்குச் சுமார் 340 மீட்டர் போகும். ஒலிபெருக்கியிலிருந்து 100 மீட்டர் தள்ளி நிற்பவர் காதில் பாட்டு கிட்டத்தட்ட 0.3 நொடி தாமதமாக விழும். அதாவது ஏழு ஃபிரேம். அவர் எவ்வளவு ஒழுங்காக வாயசைத்தாலும் படத்தில் பிந்தித்தான் தெரிவார். கூட்டம் பெரிதாகப் பெரிதாக, பின்வரிசைக்கும் முன்வரிசைக்கும் இடையே பாட்டு கிழிந்துபோகும்.

விளம்பரத்தின் காட்சி வரிசையை இந்தக் கண்ணோடு பாருங்கள். முதலில் ஒரே ஒரு பெண்ணின் முகம், மிக நெருக்கத்தில். தனியாகப் பாடுகிறாள். கேமரா மெல்ல விலக, பக்கத்தில் இன்னொரு முகம், அதற்குப் பக்கத்தில் இன்னொன்று. உதடுகள் தெரிவது இந்த நெருக்கக் காட்சிகளில்தான். குரல்கள் கூடக் கூட முகங்களும் கூடுகின்றன. கடைசியில் ஹெலிகாப்டரிலிருந்து எடுத்த காட்சி. மலைச்சரிவில் விசிறி விரித்தாற்போல் மொத்தக் கூட்டமும் நிற்கிறது. அந்த உயரத்திலிருந்து யார் உதடும் தெரியாது. இத்தாலிய மலை ஒன்றில் பல நாட்டு இளைஞர்களைக் கூட்டிவந்து இந்தச் செய்தியைத் தருகிறோம் என்று எழுத்துகள் மேலேறுகின்றன.

தனிக்குரல் கோரஸாக மாறும் இடமும், ஒரு முகம் கூட்டமாக மாறும் இடமும் ஒன்றாகவே வருகின்றன. வானொலியில் காது மட்டும் வாங்கியதை இப்போது கண்ணும் வாங்குகிறது. பாட்டில் ஒரு எழுத்துகூட மாறவில்லை. உலகமே சேர்ந்து பாடுவது என்றால் எப்படி இருக்கும் என்று காட்டிவிட்டார்கள், அவ்வளவுதான்.

*

1971 ஜூலையில் அமெரிக்கத் தொலைக்காட்சியில் வந்தது. நவம்பருக்குள் அந்த விளம்பரத்தைப் பற்றி நிறுவனத்துக்கும் பாட்டில் முதலாளிகளுக்கும் வந்த கடிதங்கள் ஒரு லட்சத்தைத் தாண்டின.

ஜனங்கள் வானொலி நிலையங்களுக்குப் போன் செய்து விளம்பரத்தைப் போடச் சொன்னார்கள். இசைத்தட்டு எங்கே கிடைக்கும் என்று கேட்டார்கள். இசைத்தட்டே இல்லை.

டேவிஸ் அவசரமாகச் சில பாடகர்களைச் சேர்த்து, ‘ஹில்சைட் சிங்கர்ஸ்’ என்று பெயரும் வைத்து ஒரு தட்டு வெளியிட்டார். பின்னாலேயே நியூ சீக்கர்ஸும் பாடினார்கள். இரண்டிலும் கோக் என்ற சொல் இல்லை. அந்த இடத்தில் வேறு சொற்கள். உலகத்துக்கு ஒரு வீடு வேண்டும் என்று முதலில் சண்டை போட்டாரே டேவிஸ், அவர் ஆசைப்பட்ட பாட்டு இப்போது கடையில் கிடைத்தது.

இரண்டு தட்டும் அமெரிக்க வரிசையில் முதல் இருபதுக்குள் வந்தன. நியூ சீக்கர்ஸ் தட்டு 1972 ஜனவரியில் இங்கிலாந்தில் முதலிடத்துக்கே போனது. உரிமைத்தொகையில் முதல் 80,000 டாலரை கோக கோலா நிறுவனம் யுனிசெஃப்புக்குக் கொடுத்தது.

காசு கொடுத்து ஒலிபரப்ப வேண்டியதை, ஜனங்கள் காசு கொடுத்து வாங்கிக் கேட்டார்கள்.

*

அன்று அதே தொலைக்காட்சியில் ஓடிய நாடகங்களின் கதையை இன்று எத்தனை பேர் சொல்வார்கள்? நம் வீட்டுக் கதையையே எடுத்துக்கொள்ளுங்கள். வெள்ளிக்கிழமை ராத்திரி ‘ஒலியும் ஒளியும்’ பார்த்து வளர்ந்தவரிடம், ஒரு குறிப்பிட்ட வாரம் என்னென்ன பாட்டு வந்தது என்று கேளுங்கள். முழிப்பார். இடையில் வந்த சலவைத்தூள் விளம்பரத்தைக் கேளுங்கள், ராகத்தோடு பாடிக்காட்டுவார்.

இதற்கு முதல் காரணம் எளிது. நிகழ்ச்சி ஒருமுறை வரும். அடுத்த வாரம் வருவது வேறு. விளம்பரம் நூறு முறை வந்தாலும் ஒரு எழுத்து மாறாது. பாடம் ஒப்பிக்கும் பிள்ளையைப் போல நாம் தெரியாமலே உருப்போடுகிறோம்.

ஆனால் திரும்பத் திரும்ப வந்த எல்லா விளம்பரமும் நிற்பதில்லை. 1994-இல் வாண்டா வாலஸ் என்ற அமெரிக்க உளவியலாளர் வெளியிட்ட ஆய்வு இங்கே உதவும். ஒரே பாடல் வரிகளைச் சிலருக்குப் பாடிக் காட்டினார், சிலருக்குப் பேசிக் காட்டினார். மூன்று செய்யுளும் ஒரே மெட்டில் வந்தபோது, பாட்டாகக் கேட்டவர்களுக்கே வரிகள் அதிகம் நினைவிருந்தன. மெட்டை ஒரு செய்யுளுக்கு மட்டும் கேட்டவர்களின் கதை தலைகீழ். அவர்களைவிட, பேச்சாகக் கேட்டவர்கள் நன்றாகச் சொன்னார்கள்.

மெட்டு தானாக நினைவைத் தருவதில்லை. மெட்டு மனத்தில் படியும்வரை அது கூடுதல் சுமை. படிந்துவிட்டால் சுமைதாங்கி. அடுத்த சொல்லுக்கு எத்தனை அசை, எங்கே அழுத்தம், எங்கே முடிவு என்பதை அதுவே சொல்லிக்கொடுக்கும். மறந்த சொல் தானாக வந்து விழும்.

பாட்டில் முதலாளிகளின் விஷயத்துக்கு இப்போது வரலாம். அவர்கள் நேரம் வாங்க மறுத்ததால், பிப்ரவரியில் பாட்டு ஜனங்களின் காதில் போதுமான முறை விழவே இல்லை. மெட்டு படியும் முன்பே நின்றுவிட்டது. ஜூலையில் படத்தின் தயவால் நேரம் கிடைத்தது, மெட்டு படிந்தது, வரிகள் ஒட்டிக்கொண்டன. பாட்டா படமா என்ற வழக்கில் என் தீர்ப்பைக் கேட்டால் இப்படிச் சொல்வேன்: படம் பாட்டுக்கு வழிவிட்டது, நினைவில் நின்றது பாட்டு. இன்றைக்கு அந்த மலை எங்கே இருக்கிறது என்று தெரியாதவர்களும் அந்த மெட்டை முணுமுணுக்கிறார்கள்.

இதில் விளம்பரக்காரருக்கு ஒரு ஆபத்தும் உண்டு. பெயர் இல்லாமலே பாட்டு நின்றுவிட்டால், போட்ட பணம் யாருக்குப் பலன் தரும்? கோக் இதில் தப்பித்தது ஒரு சிறு காரியத்தால். இசைத்தட்டில் மாற்றியது சொல்லைத்தான், மெட்டை அல்ல. விளம்பரம் பார்த்தவர் தட்டைக் கேட்கும்போது, அந்த இடம் வந்ததும் பழைய சொல் மனத்தில் ஒலித்துவிடும். பெயர், மெட்டின் அந்த ஓட்டைக்கு அச்சாகப் பொருந்தியிருந்தது. பெயரைக் கடைசியில் கொண்டுவந்து ஒட்டும் ஜிங்கிள்களுக்கு இந்தப் பாதுகாப்பு கிடையாது. பாட்டு ஞாபகம் இருக்கும். சோப்பா பற்பசையா என்பது மறந்துபோகும்.

இன்றிரவு ஒரு பழைய விளம்பரத்தைப் பாடிப் பாருங்கள். பொருளின் பெயர் பாட்டு வரிக்குள் வருகிறதா, பாட்டு முடிந்தபிறகு யோசித்துச் சொல்கிறீர்களா? அந்த ஜிங்கிள் போட்டவர் எவ்வளவு கெட்டிக்காரர் என்பது தெரிந்துவிடும்.

*

இந்த மலைப் பாட்டு ஒலித்த 1971-இல் சென்னையில் தொலைக்காட்சியே கிடையாது. 1975 ஆகஸ்ட் 15-இல் சென்னை நிலையம் வந்தது. 1976 ஜனவரி 1 முதல் தூர்தர்ஷன் விளம்பரங்களை ஏற்றது. அடுத்த ஆண்டே கோக கோலா இந்தியாவை விட்டு வெளியேறியது.

அந்த இரண்டரை லட்சம் டாலரோ, ஹெலிகாப்டரோ இங்கே யாரிடமும் இல்லை. 1987-இல் ஆல்வின் கடிகார விளம்பரத்துக்கு இசையமைக்க உட்கார்ந்த சென்னை இளைஞர் ஒருவருக்கு வயது இருபது. ஊர் அப்போது அவரைத் திலீப் என்று அழைத்தது.

ஐந்து ஆவர்த்தனத்துக்குள் ஒரு கதையை முடிக்கும் அந்தப் பழக்கம், பின்னால் ஐந்து நிமிடப் பாட்டுகள் போட வந்தபோது அவருக்கு என்ன கற்றுக்கொடுத்தது?

(அடுத்த வாரம்)